மேற்குச் சுவருக்கு வெளியே ஒரு ஜாலி: இடைவெளி விட்ட இரட்டைச் சுவர் கட்ட முழுமையான வழிகாட்டி

வெயில் ஊரில் ஒரு படுக்கையறை. அதன் மேற்குச் சுவர் தெருவைப் பார்த்து நிற்கிறது. ஜன்னலைத் திறந்தால் தெருவில் போகிறவர் பார்க்கிறார், மூடினால் அறை புழுங்குகிறது. சாயங்காலம் வெயில் ஏறிய சுவர் ராத்திரி பதினொரு மணிக்குத்தான் உள்பக்கம் சூட்டைக் கக்குகிறது. இதற்கு இரட்டைச் சுவர் கட்டச் சொல்வார்கள். அது நல்ல யோசனைதான், ஆனால் அந்தப் பெயரில் இரண்டு வேறு வேறு வேலைகள் நடக்கின்றன. ஒன்று, இரண்டு சுவருக்கும் நடுவில் காற்றை அடைத்து வைப்பது. மற்றது, வெளிச்சுவரைத் துளைச் சுவராக, அதாவது ஜாலியாகக் கட்டி, நடுவில் காற்றை ஓடவிடுவது. இந்தக் கட்டுரை இரண்டாவது வகைக்கானது. ஏன் அதைத் தேர்ந்தெடுக்கிறேன் என்பதைக் கணக்கோடு சொல்லிவிட்டு வேலைக்கு வருகிறேன்.

முதலில் சூட்டின் கணக்கு

ஒன்பது அங்குலச் செங்கல் சுவர், இரு பக்கமும் பூச்சு. இப்படிப்பட்ட சுவர் உள்ளுக்கும் வெளிக்கும் உள்ள ஒவ்வொரு டிகிரி வித்தியாசத்துக்கும் சதுர மீட்டருக்குச் சுமார் 2.1 வாட் வெப்பத்தைக் கடத்தும். இதில் வெளிக்காற்றின் சூட்டை மட்டும் பார்த்தால் போதாது. சாயங்கால வெயில் உச்சத்தில் இருக்கும்போது மேற்குச் சுவரின் மேல் சதுர மீட்டருக்கு 650 வாட் அளவுக்கு விழும். பூசாத சிவப்புச் செங்கல் அதில் 65 விழுக்காட்டை உறிஞ்சிக்கொள்ளும். காற்று 38 டிகிரியில் இருந்தாலும் அந்தச் சுவருக்கு வெளியே 59 டிகிரி இருப்பது போலத்தான் கணக்கு. அறைக்குள் 30 டிகிரி என்று வைத்துக்கொண்டால் வித்தியாசம் 29. அதை 2.1-ஆல் பெருக்கினால் சதுர மீட்டருக்கு 61 வாட். சுவர் சூட்டைச் சேமித்து மெதுவாக விடுவதால் இந்த எண் அந்தந்த நிமிடத்துக்கு அப்படியே பொருந்தாது. ஒன்றோடு ஒன்றை ஒப்பிட இது போதும்.

இப்போது அதே சுவரை இரண்டு நாலரை அங்குலச் சுவர்களாகப் பிரித்து, நடுவில் 50 மி.மீ. காற்றை அடைத்து வைப்போம். கடத்தும் அளவு 2.1-இலிருந்து சுமார் 1.5-க்கு இறங்கும். 61 வாட் 44 ஆகும். பரவாயில்லை, ஆனால் பலரும் எதிர்பார்க்கும் அளவுக்கு இல்லை. காரணம் என்னவென்றால், அடைத்த இடைவெளியைத் தாண்டும் வெப்பத்தில் பாதிக்கு மேல் காற்று வழியாகப் போவதே இல்லை. சூடான செங்கல் முகம் எதிரே இருக்கும் முகத்துக்குக் கதிர்வீச்சாக நேராக அனுப்பிவிடுகிறது. அதனால் 25 மி.மீ. இடைவெளி தரும் பலனும் 100 மி.மீ. தரும் பலனும் கிட்டத்தட்ட ஒன்றுதான். 'இடைவெளியை இன்னும் கொஞ்சம் அகலமாக்கு' என்று யாராவது சொன்னால், அடைத்த இடைவெளியில் அதற்குச் செலவுதான் மிச்சம்.

இன்னொரு கணக்கு, கொஞ்சம் சங்கடமானது. இரட்டைச் சுவரே வேண்டாம், இருக்கும் சுவருக்கு நல்ல வெள்ளை அடித்தால்? உறிஞ்சுவது 30 விழுக்காடாகக் குறையும், உள்ளே வருவது 38 வாட் ஆகும். அடைத்த இரட்டைச் சுவரை ஒரு வாளி சுண்ணாம்பு தோற்கடித்துவிடுகிறது! எனவே சுவரின் சூடு மட்டும்தான் பிரச்சினை, ஜன்னலும் இல்லை, யாரும் பார்ப்பதும் இல்லை என்றால், முதலில் வெள்ளை அடித்து ஒரு கோடையை ஓட்டிப் பாருங்கள். வெள்ளை அழுக்கேறிப் பலன் குறையும், திரும்ப அடிக்க வேண்டும், அவ்வளவுதான்.

ஜாலிக்கு வருவோம். ஜாலியின் முதல் வேலை நிழல் தருவது. வெயிலை உள்சுவரில் படவிடாமல் வெளியிலேயே வாங்கிக்கொள்கிறது. வாங்கிய சூட்டை இரு பக்கமும் ஓடும் காற்றுக்குக் கொடுத்துவிடுகிறது. உள்சுவருக்கு வருவது சிதறிய வெளிச்சமும் ஜாலியின் முதுகிலிருந்து வரும் கதிர்வீச்சும்தான். உள்சுவருக்கும் வெள்ளை அடித்துவிட்டால் உள்ளே வருவது 30 வாட்டுக்குள் அடங்கும். இதோடு ஜன்னலும் நிழலில் வந்துவிடுகிறது, ராத்திரி அதைத் திறந்து வைக்க முடிகிறது. வெள்ளைச் சுண்ணாம்பால் முடியாத காரியம் இது.

இந்த அமைப்பை நேரில் பார்க்க விரும்புகிறவர்களுக்கு ஒரு கட்டடம் சொல்லலாம். திருவனந்தபுரத்தில் உள்ள வளர்ச்சி ஆய்வு மையத்துக்கு கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் கட்டிய கணினி மையம் இரட்டைச் சுவர் கட்டடம். வெளியே வட்ட வட்டமாக வெட்டிக்கொள்ளும் செங்கல் ஜாலி, உள்ளே கணினிகளுக்கான மூடிய கூடு. நடுவில் உள்ள இடத்தை அலுவலக அறைகளுக்கும் பொருள் வைக்கவும் பயன்படுத்தியிருக்கிறார்.

துளையின் அளவை முடிவு செய்தல்

ஜாலியில் எல்லாமே துளையின் அகலம், உயரம், ஆழம் என்ற மூன்று எண்களில் இருக்கிறது. அழகுக்கு ஒரு வடிவத்தைத் தேர்ந்தெடுத்துவிட்டு அப்புறம் வெயிலைப் பற்றி யோசிப்பது தலைகீழ் வேலை.

நம் உதாரணத்துக்கு 230 × 110 × 75 மி.மீ. செங்கல். கல்லை நீளவாக்கில் படுக்கவைத்து, இரண்டு கல்லுக்கு நடுவே 110 மி.மீ. விட வேண்டும். அடுத்த வரிசைக் கல் அந்தச் சந்தின் நடுவில் உட்காரும். அப்போது மேல்கல்லின் இரண்டு முனையும் கீழ்க்கற்களின் மேல் 60 மி.மீ. உட்காரும். இது கால் கல் நீளத்துக்குச் சற்று மேல். கால் கல்லுக்குக் குறைந்தால் உடைய ஆரம்பிக்கும், அதனால் சந்தை இதைவிட அகலமாக்க வேண்டாம். கலவை 10 மி.மீ. என்றால் ஒரு வரிசை 85 மி.மீ. உயரம். சுவரின் பரப்பில் துளைகள் 36 விழுக்காடு.

இப்போது வெயில். துளையின் உயரம், மேலும் கீழும் உள்ள 10 மி.மீ. கலவைச் சந்தையும் சேர்த்து, 95, ஆழம் 110. சூரியன் சுவருக்கு நேர் எதிரே இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். தொடுவானத்திலிருந்து 41 டிகிரிக்கு மேல் இருக்கும்வரை ஒரு கதிர்கூட நேராக உள்ளே வராது. மேல்கல்லின் வெளி விளிம்பில் நுழையும் கதிர், உள்முனையை அடையும் முன் கீழ்க்கல்லில் இடித்து நின்றுவிடும். வெப்பமண்டலத்தில் சூரியன் மணிக்குச் சுமார் 15 டிகிரி இறங்குவதால், 41 டிகிரி என்பது மறைவதற்கு இரண்டே முக்கால் மணி நேரம் முன்பு. மேற்குச் சுவரில் வெயில் உச்சமாக இருக்கும் நேரமும் ஏறக்குறைய அதுதான். அதுவரை ஜாலி முழு நிழல் தருகிறது.

அதற்குப் பிறகு கசிவு ஆரம்பிக்கும். 20 டிகிரியில் சூரியன் இருக்கும்போது 110 மி.மீ. ஆழத்துக்குள் கதிர் 40 மி.மீ. இறங்கியிருக்கும். மிச்சம் 55 மி.மீ. திறந்திருக்கும், அதாவது துளையில் பாதிக்குக் கொஞ்சம் அதிகம். மொத்தச் சுவரில் பார்த்தால் 21 விழுக்காடு. பக்கவாட்டில் சாய்ந்து வரும் வெயிலுக்கும் இதே கணக்குதான். அகலமும் ஆழமும் 110 என்பதால் 45 டிகிரிக்கு மேல் சாய்ந்தால் எதுவும் நுழையாது.

அந்தக் கசிவைக் குறைக்க வேண்டும் என்றால், கல்லைக் குறுக்காக வைத்து 230 மி.மீ. ஆழமான துளை செய்யலாம். அப்போது 22 டிகிரிவரை முழு நிழல். ஆனால் கற்களும் எடையும் ஏறத்தாழ இரண்டு மடங்காகும். சந்தும் 50 மி.மீ.க்கு மேல் போக முடியாது, காற்று திணறும். கூடுதலாக ஒரு மணி நேர நிழலுக்காக இதைச் செய்வது எனக்கு நியாயமாகப் படவில்லை. அந்த நேரத்துக்கு ஜன்னலுக்குள் ஒரு திரை போதும்.

அதே கணக்கு, இப்போது கண்ணுக்கு

வெயிலுக்குப் போட்ட கோணங்களே பார்வைக்கும் பொருந்தும். எட்டு மீட்டர் தள்ளி எதிர்வீட்டு மாடியில் ஒருவர் நிற்கிறார். அவர் கண் நம் ஜன்னல் நடுவைவிட மூன்று மீட்டர் உயரத்தில். பார்வை 20 டிகிரி சாய்வில் வருகிறது, 20 டிகிரிச் சூரியனைப் போலவே அவருக்கும் 21 விழுக்காடுதான் திறந்திருக்கும். தெருவில் நேர் எதிரே அதே மட்டத்தில் நிற்பவருக்கோ 36 விழுக்காடும் திறந்திருக்கிறது.

பகலில் இது பெரிய விஷயம் இல்லை. வெளியே வெளிச்சம், உள்ளே இருட்டு, அதனால் துளைகள் கறுப்புப் புள்ளிகளாகத்தான் தெரியும். ராத்திரி உள்ளே விளக்கைப் போட்டதும் நிலைமை தலைகீழ். இன்னொன்றும் உண்டு. நின்று பார்ப்பவரைவிட நடந்து போகிறவருக்கு ஜாலி வழியே நன்றாகத் தெரியும். ஒவ்வொரு துளையிலும் கிடைக்கும் துண்டுகளை நகரும் கண் சேர்த்து முழுப் படமாக்கிக்கொள்கிறது. கட்டி முடித்துவிட்டு வாசலில் நின்று பார்த்து 'ஒன்றும் தெரியவில்லை' என்று திருப்திப்படுகிறவர்கள் இதைக் கவனிப்பதில்லை.

இதற்கு வழி, கண் மட்டத்தில் மட்டும் துளைகளைக் குறைப்பது. தரையிலிருந்து 0.9 மீட்டர் முதல் 1.7 மீட்டர்வரை உள்ள பத்து வரிசைகளில், ஒன்றுவிட்டு ஒரு வரிசையை முழுக்க அடைத்துவிடலாம். 110 மி.மீ. சந்தில் 90 மி.மீ. அரைக்கல் துண்டு, இரு பக்கமும் 10 மி.மீ. கலவை என்றால் அப்படியே பொருந்தும். அந்தப் பட்டையில் திறப்பு 14 விழுக்காடாகிறது. மேலும் கீழும் முழுத் துளைகள் இருப்பதால் காற்று பெரிதாகக் குறையாது.

ராத்திரிக்கு இன்னொரு சின்ன ஏற்பாடு: ஜாலியின் வெளிமுகத்தில் விழும்படி ஒரு மங்கலான விளக்கு. வெளிச்சமான செங்கல் முகத்தைப் பார்க்கும் கண்ணுக்குப் பின்னால் இருப்பது மங்கிப் போகும். முழு மறைப்பு வேண்டும் என்றால் திரை போட வேண்டியதுதான், ஜாலி மட்டுமே அதைச் செய்யாது.

இடைவெளி எவ்வளவு?

காற்று ஓட 100 மி.மீ. போதும். ஆனால் ஜாலி வழியே தூசி, இலை, சிலந்தி வலை, பறவைக் கூடு எல்லாம் வரும். 100 முதல் 400 மி.மீ. வரையிலான இடைவெளிதான் மிக மோசம். பறவை புகுந்துவிடும், ஆள் புக முடியாது. ஜன்னல் இருக்கும் சுவருக்கு 600 மி.மீ. விடுங்கள். ஒரு ஆள் பக்கவாட்டில் திரும்பித் துடைப்பத்தோடு போய்வரலாம். ஒரு முனையில் பூட்டுப் போட்ட சின்னக் கதவு வையுங்கள்.

மேல்பக்கத்தை மறக்க வேண்டாம். இடைவெளி வானத்தைப் பார்த்துத் திறந்திருந்தால் ஜாலிக்கு மேலாக வெயில் இறங்கும். சூரியன் 60 டிகிரியில் இருக்கும்போது 600 மி.மீ. இடைவெளி வழியே உள்சுவரில் மேலிருந்து ஒரு மீட்டர் அளவுக்கு வெயில் படும். பிற்பகல் முழுக்க அந்தப் பகுதி காயும். எனவே கூரையோ சன்ஷேடோ ஜாலியின் வெளிமுகம்வரை, அதாவது 710 மி.மீ., நீண்டிருக்க வேண்டும். ஆனால் ஜாலி அதைத் தொடக் கூடாது. 150 முதல் 200 மி.மீ. சந்து விட்டால் மேலே சேரும் சூடான காற்று வெளியேறும். அந்தச் சந்தை ஓரத்தில் சுத்தமாக அடைத்து 'பினிஷிங்' பார்க்கும் வழக்கம் உண்டு. அடைத்தால் சன்ஷேடுக்குக் கீழே சூடு தங்கிவிடும்.

கட்டும் வரைபடம்: 3.87 மீட்டர் சுவர்

சுவர் நான்கு மீட்டர் என்றால் ஜாலியை நான்கு மீட்டருக்கு இழுக்காதீர்கள். கல்லின் கணக்குக்குச் சுவரை மாற்றுங்கள். ஐந்து கல், நடுவே நான்கு சந்து: 5 × 230 + 4 × 110 = 1590 மி.மீ. இது ஒரு பலகம். இரண்டு பலகங்கள், இரு ஓரத்திலும் நடுவிலும் 230 மி.மீ. சதுரத் தூண்கள் மூன்று. மொத்தம் 3870. ஒற்றைப்படை வரிசைகளில் ஐந்து முழுக்கல் வரும். இரட்டைப்படை வரிசைகளில் நான்கு முழுக்கல்லும் இரு முனையில் 60 மி.மீ. துண்டும் வரும். துண்டைத் தனியாக ஒட்டுவதைவிட, தூணின் கல்லையே 60 மி.மீ. நீட்டி வைத்தால் பிணைப்பு கிடைக்கும்.

உயரம் இப்படி: கீழே நான்கு வரிசை துளையில்லாமல், 340 மி.மீ. மழைத் தெறிப்பும் மண்ணும் ஏறாமல் இது காக்கும். அதற்கு மேல் 14 வரிசை ஜாலி, 1190. அப்புறம் ஒரு வரிசை உயரத்துக்குக் கான்கிரீட் பட்டை. மறுபடி 14 வரிசை. கடைசியில் 100 மி.மீ. கான்கிரீட் பட்டை. மொத்தம் 2.9 மீட்டர். கற்கள் சுமார் 510. உடைசலுக்குப் பத்து விழுக்காடு சேர்த்து 560 வாங்கினால் போதும்.

இரண்டு டன்னுக்கு மேல் எடை வரும். தரையிலிருந்து எழுப்பினால் அதற்குத் தனி அஸ்திவாரம் வேண்டும், வீட்டு அஸ்திவாரம் நிற்கும் அதே கெட்டி மண்வரை. மாடியில் சன்ஷேடு மேலோ நீட்டிய ஸ்லாபின் மேலோ ஏற்றுவதாக இருந்தால், கட்டமைப்புப் பொறியாளர் பார்க்காமல் ஒரு கல்கூட வைக்க வேண்டாம்.

நாலரை அங்குலத் துளைச் சுவர் தன்னந்தனியாக நிற்காது. பலத்த காற்று தள்ளும், நில அதிர்வு ஆட்டும். நடுப்பட்டையிலும் மேல்பட்டையிலும், ஒவ்வொரு தூண் நேராகவும் வீட்டுச் சுவரோடு ஒரு பிடிப்பு தேவை. புது வீடு என்றால் பட்டையின் கம்பியை உள்சுவரின் கான்கிரீட் பட்டைக்குள் விட்டு ஒன்றாக ஊற்றலாம். பழைய வீட்டுக்குப் பக்கத்தில் புது அஸ்திவாரம் போட்டால் அது கொஞ்சம் அமுங்கும். அப்போது கெட்டியாக ஊற்றிவிட்டால் விரிசல் விழும். முன்னும் பின்னும் பிடித்துக்கொண்டு, மேலும் கீழும் சற்றே நகர விடும் துருப்பிடிக்காத பட்டைக் கம்பிகள் நல்லது. பட்டைக்குள் 8 மி.மீ. கம்பி இரண்டு என்பது வழக்கம். பிடிப்பின் அளவை உங்கள் ஊர்க் காற்று வேகத்துக்குப் பொறியாளர் சொல்லட்டும்.

கல்லும் கலவையும்

இரண்டு கற்களைத் தட்டினால் கணீரென்று கேட்க வேண்டும். ஜாலியில் கல்லின் எல்லாப் பக்கமும் மழைக்குத் திறந்திருக்கும், அரைகுறையாக வெந்த கல் இரண்டு மூன்று மழைக்காலத்தில் உதிர ஆரம்பிக்கும். விளிம்பு நேராக இருப்பதும் முக்கியம், பூச்சு போட்டு மறைக்க முடியாது.

பலரும் கவனிக்காத விஷயம் கல்லின் மேல்பக்கம் இருக்கும் குழி. சாதாரணச் சுவரில் குழி மேலே பார்த்து வைத்தால் கலவை நிரப்பிவிடும். ஜாலியிலோ ஒவ்வொரு துளையின் அடியிலும் அந்தக் குழி பாதி திறந்து கிடக்கும். மழைநீர் தேங்கும், பாசி பிடிக்கும், தூசி அடையும். குழியைக் கீழே கவிழ்த்து வையுங்கள், இல்லையென்றால் குழியில்லாத கல்லாக வாங்குங்கள். நடுவில் துளை போட்ட கற்களும் இதே காரணத்தால் வேண்டாம்.

கலவை ஒரு பங்கு சிமென்ட், நான்கு பங்கு மணல். சாதாரணச் சுவருக்குப் போடும் ஒன்றுக்கு ஆறு இங்கே போதாது. முழுக்கல்லையும் 60 மி.மீ. ஒட்டுதல்தான் தாங்குகிறது. கல்லை முன்கூட்டியே தண்ணீரில் ஊறவைத்து, மேலே ஈரம் மினுங்காத பதத்தில் எடுக்க வேண்டும்.

கட்டும் வரிசை

முதலில் இரண்டு வரிசையைக் கலவை இல்லாமல் வெறுங்கல்லாகத் தரையில் அடுக்கிப் பாருங்கள். ஒரு கல் 225, இன்னொன்று 235 என்று இருக்கும். ஐந்து கல்லில் அது 20, 30 மி.மீ. வித்தியாசமாகிவிடும். அதைச் சந்துகளில் பங்கிட்டு, ஒரு நேரான மரச்சட்டத்தில் கல்லும் சந்தும் வரும் இடங்களைக் கோடு போட்டுக்கொள்ளுங்கள். இந்தச் சட்டம்தான் இனி அளவுகோல். ஒவ்வொரு வரிசைக்கும் டேப்பைப் பிடித்தால் துளைகள் மெல்ல மெல்ல நகர்ந்து, மேலே போகும்போது சாய்ந்த கோடாகத் தெரியும்.

110 மி.மீ. அகலத்தில் ஒரு மரக்கட்டை செய்துகொள்ளுங்கள். கல் வைத்ததும் கட்டையைச் சந்தில் வைத்து அடுத்த கல்லை அதன் மேல் நெருக்கி வைத்து, கட்டையை உருவிவிட வேண்டும். கலவையைக் கல் உட்காரும் 60 மி.மீ. இடத்தில் மட்டும் போடுங்கள். வரிசை முழுக்க வாரி இறைத்தால் துளையின் அடியில் பிதுங்கி நிற்கும். பிதுங்கியதை அப்போதே கரண்டியால் வழித்து, சந்தில் கலவை வெளிப்பக்கம் சற்றே சரியும்படி தேய்க்க வேண்டும். மறுநாள் அதை உடைத்து எடுக்கப் போனால் கல்லே பெயர்ந்து வரும்.

தூணையும் பலகத்தையும் ஒன்றாகவே ஏற்றுங்கள். நான்கு வரிசைக்கு ஒருமுறை தூக்குக்குண்டு பிடித்து முகம் நேராக இருக்கிறதா பாருங்கள். முழுச்சுவரில் ஐந்து மி.மீ. விலகல் கண்ணுக்குத் தெரியாது, ஜாலியில் சாயங்கால வெயில் அதைக் காட்டிக்கொடுக்கும். ஒரு நாளில் ஒரு மீட்டருக்கு மேல் வேண்டாம். ஒட்டுதல் சின்னதாக இருப்பதால் பச்சைக் கலவை நசுங்கி அடியில் சரியும். நடுப்பட்டை ஊற்றும்போது கீழ் வரிசைத் துளைகளுக்கு மேல் பலகை அணைத்து, கான்கிரீட் பால் ஒழுகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். செங்கல் முகத்தில் வழிந்த சிமென்ட் பால் கறையைப் பிறகு போக்குவது பெரும்பாடு.

ஏழு நாள் தண்ணீர் விடுங்கள். ஈரச் சாக்கு போர்த்திவிட்டால் வெயில் நாளில் நல்லது. நனைந்து காயும்போது மேலே வெள்ளைப் பொடி பூத்தால் அது கல்லில் உள்ள உப்பு. காய்ந்த தூரிகையால் தேய்த்து எடுத்துவிடுங்கள். தண்ணீர் ஊற்றிக் கழுவினால் உப்பு மறுபடி உள்ளே போய்த் திரும்ப வரும்.

இடைவெளியின் தரை வீட்டுப் பக்கமிருந்து வெளிப்பக்கம் சரிய வேண்டும், அறுபதுக்கு ஒன்று என்ற சரிவு போதும். கீழே உள்ள முழுச்சுவரில் ஒவ்வொரு பலகத்துக்கும் இரண்டு வடிகால் குழாய்கள் வையுங்கள். சாரல் ஜாலி வழியே உள்சுவரை நனைக்கும் என்பதால் ஜன்னலடிக் கல் சரிவோடு இருக்க வேண்டும். உள்சுவரின் ஈரத்தடுப்புப் பட்டை இடைவெளித் தரைக்கு மேலே இருக்கிறதா என்றும் பாருங்கள். கொசுவலையை ஜாலியில் அடிக்காதீர்கள், தூசி அடைத்துக் காற்று நின்றுவிடும். வலை உள்ஜன்னலில் இருக்கட்டும். ஜன்னல் கதவு உள்பக்கம் திறப்பதாகவோ நகர்வதாகவோ வையுங்கள்.

இரண்டு ஆபத்துகள்

ஜாலி ஒரு ஏணி. ஒவ்வொரு துளையும் கால் வைக்க ஏற்ற அளவு, மொட்டை மாடிவரை சுலபமாக ஏறலாம். உள்ஜன்னல் கம்பியை எடுத்துவிட இது காரணம் ஆகாது, மாடிக் கதவின் பூட்டையும் இதை நினைத்துப் போட வேண்டும்.

இன்னொன்று தீ. ஜன்னலுக்கு வெளியே செங்கல் சுவர் நின்றால் அந்த ஜன்னல் தப்பிக்கும் வழி அல்ல. அந்த அறைக்கு வேறு வெளிவழி இல்லையென்றால், ஜன்னலில் திறக்கும் கம்பியும், இடைவெளியின் கதவுக்கு உள்ளிருந்து சாவியில்லாமல் திறக்கும் தாழ்ப்பாளும் கட்டாயம்.

பயன்படுத்தும் முறையும் சோதனையும்

ஜாலி வழியே வரும் காற்று சின்னத் துளையில் புகுந்து வருவதால் குளிர்ந்துவிடும் என்று ஒரு நம்பிக்கை பரவலாக இருக்கிறது. அப்படி நடப்பதில்லை. 40 டிகிரிக் காற்று 40 டிகிரியாகத்தான் உள்ளே வரும், துளைகள் தடுப்பதால் அளவு குறைந்தும் வரும். எனவே வறண்ட வெயில் ஊரில் காலை வெயில் ஏறியதும் உள்ஜன்னலைச் சாத்திவிட்டு, வெளிக்காற்று அறையைவிடக் குளிர்ந்த பிறகு திறக்க வேண்டும். புழுக்கமான கடலோரத்தில் பகல் ராத்திரி வித்தியாசம் குறைவு, அங்கே எப்போதும் திறந்தே இருக்கலாம். அங்கே எதிர்ப்புறச் சுவரிலும் ஒரு திறப்பு இருந்தால்தான் காற்று ஓடும்.

வேலை சரியாக அமைந்ததா என்று பார்க்க, தூரத்திலிருந்தே சூடு காட்டும் வெப்பமானி ஒன்று போதும். வெயில் நன்றாக அடித்த நாளில் ராத்திரி பத்து, பதினொரு மணிக்கு மேற்குச் சுவரின் உள்முகத்தை அளந்து, அதே அறையின் உட்பக்கத் தடுப்புச் சுவரோடு ஒப்பிடுங்கள். இரண்டு டிகிரிக்குள் வித்தியாசம் இருந்தால் ஜாலி தன் வேலையைச் செய்கிறது. அதற்கு மேல் இருந்தால், மேலிருந்து கீழாகச் சில இடங்களில் அளந்து பாருங்கள். மேலே மட்டும் சூடு என்றால் சன்ஷேடு நீளம் போதவில்லை, அல்லது மேல் சந்து அடைபட்டிருக்கிறது. தூண்களுக்கு நேரே, பிடிப்பு வரும் இடத்தில் மட்டும் சூடு என்றால் அது பிடிப்பின் வழியே வரும் சூடு, அதைப் பொருட்படுத்த வேண்டாம். முழுச் சுவரும் ஒரே சீராகச் சுட்டால் உள்சுவரின் வெள்ளை அழுக்கேறிவிட்டதா என்று இடைவெளிக்குள் போய்ப் பாருங்கள். வருடத்துக்கு ஒருமுறை, மழைக்கு முன்னால், கூடுகளை அகற்றி வடிகால் குழாயில் கம்பி விட்டுக் குத்தும்போதே அந்தச் சுவருக்கு ஒரு கை சுண்ணாம்பும் அடித்துவிடலாம்.